மூன்றாவது பத்தி தனியாகப் போனபோது

எங்கள் நிறுவனத்தின் தலைவரை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். கையில் எதையும் எடுக்கவில்லை. மின்னஞ்சலில் இருந்து ஒரு பத்தியை நகலெடுத்து முகநூலில் ஒட்டினேன், அவ்வளவுதான். மனிதர் இன்றும் தினம் காலை ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஓடுதும்மா" என்கிறார்.

பாப்பிரெட்டிப்பட்டியில் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. சித்தேரி மலையில் இருந்தும் கீழே இருக்கும் ஊர்களில் இருந்தும் சாமை, தினை, ராகி வாங்கி, சுத்தம் செய்து, பையில் போட்டு விற்கிறோம். நான் அதற்கு முன் பதினைந்து வருடம் அரூரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மனு, எல்லாம் என் கையால் போயிருக்கிறது. தமிழ் தட்டச்சு வேகமாக வரும், பிழை வராது என்பதற்காக இங்கே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் மாதாமாதம் ஒரு மின்னஞ்சல் கடிதம் எழுதி அனுப்பும் பொறுப்பும் என்னிடம் வந்தது.

அந்தக் கடிதம் போகும் ஆட்கள் வேறு வகை. சேலத்திலும் பெங்களூரிலும் எங்களிடம் தானியம் வாங்கும் கடைக்காரர்கள், உறுப்பினர்களின் பிள்ளைகளில் ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் வேலை பார்ப்பவர்கள், எங்கள் கண்காட்சியில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். அவர்கள் சாவகாசமாக முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் படிப்பார்கள். சிலர் பதிலும் போடுவார்கள். ஒரு கடைக்காரர், "உங்கள் கடிதம் வந்தால் டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்துதான் படிப்பேன்" என்று எழுதியிருந்தார். அதை நான் அச்செடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். எனக்குத் தலைக்கனம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு அந்தக் காகிதத்தைக் காட்டலாம்.

முகநூல் பக்கமோ தூங்கிக் கிடந்தது. பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, தீபாவளிக்கு ஒரு வாழ்த்து. நம் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு மின்னஞ்சலே கிடையாது, போனில் இருப்பது முகநூலும் வாட்சப்பும்தான், அதில் ஒன்றும் போடாமல் இருந்தால் எப்படி என்று தலைவர் ஒருநாள் கேட்டார். கேட்டது நியாயம். ஆனால் வழியும் அவரே சொன்னார்.

"அந்த லெட்டர் இருக்குதில்ல, அதுல இருந்தே ஒரு பாரா எடுத்துப் போட்டுடும்மா. தனியா எதுக்கு மெனக்கெடறது?"

இந்த ஒரு வாக்கியத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்ததற்கெல்லாம் அவர் என்னைத்தான் சொல்வார்.

அந்த மாதம் எங்களிடம் ஒரு பெரிய செய்தி இருந்தது. சாமைக்கு உமி எடுக்கும் பழைய மெஷின் ஓய்வு பெறுகிறது, புது மெஷின் வருகிறது. பழையது, நிறுவனம் தொடங்கியபோது வாங்கியது. ஓட்டினால் கட்டடமே அதிரும். கொஞ்சம் ஓடிவிட்டு இருமும், நிற்கும், ஒரு தட்டு தட்டினால் மறுபடி ஓடும். அதை ஓட்டும் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், ராகி களி மாதிரி கெட்டியான ஆள், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். அவள்தான் அந்த மெஷினுக்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்தாள். "பெரியவரு இன்னைக்கு மக்கர் பண்றாருக்கா" என்பாள்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் ஊர்களில் தலைவரையும் எல்லாரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். வயது அறுபத்திரண்டுதான். ஆனால் விவசாயிகளைச் சேர்த்து நிறுவனத்தை ஆரம்பித்தவர், எந்தப் பஞ்சாயத்து என்றாலும் முன்னால் நிற்பவர். அலுவலகத்துக்குள் இரண்டு பெரியவர்கள் இருந்ததில் எங்களுக்குக் குழப்பமே வந்ததில்லை. ஒருவர் இருமுவார், இன்னொருவர் இருமமாட்டார்.

கடிதத்தில் நான் இதையெல்லாம் முறையாகத்தான் எழுதினேன். முதல் பத்தியில் மெஷினை அறிமுகப்படுத்தி, அதற்குப் பெரியவர் என்று பெயர் வந்த கதையைச் சொன்னேன். இரண்டாம் பத்தியில் வரப்போகும் புது மெஷினைப் பற்றியும், அது ஓடத் தொடங்கும் நாளில் வருகிறவர்களின் சாமைக்கு அதில் கட்டணம் இல்லாமல் உமி எடுத்துத் தருவதைப் பற்றியும் சொன்னேன். மூன்றாவது பத்தியில் மனதைத் திறந்துவிட்டேன். இதுதான் அந்தப் பத்தி:

"பெரியவர் இனி நம்மோடு இல்லை என்று நினைத்தாலே மனம் கனக்கிறது. இத்தனை வருடமும் ஒருநாள் ஓய்வு என்று படுத்தவர் இல்லை. கடைசி இரண்டு மாதம் மூச்சு வாங்கிக்கொண்டேதான் ஓடினார். வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவரை வழியனுப்பி வைக்கிறோம். அனைவரும் வாருங்கள். வரும்போது ஆளுக்கு ஐந்து கிலோ கொண்டுவர மறக்காதீர்கள்."

எழுதி முடித்தபோது என் கண்ணே கொஞ்சம் கலங்கியது. வெள்ளிக்கிழமை கடிதம் போனது. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பேருந்தில் தலைவர் சொன்னது நினைவு வந்தது. எந்தப் பத்தியை எடுப்பது என்று யோசிக்கவே இல்லை. இருப்பதில் அழகான பத்தியை எடுத்தேன். படம் இல்லாமல் போட்டால் யாரும் பார்ப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்ததால், கடிதத்தில் அதற்குக் கீழே வைத்திருந்த படத்தையும் போட்டேன். ஆயுத பூஜை அன்று எடுத்தது. மெஷினுக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. பக்கத்தில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். முகநூலில் போடும்போது படம் நீளமாக இருக்கிறது என்று இரண்டு பக்கமும் வெட்டினேன். மெஷின் முக்கால்வாசி போய்விட்டது. தலைவர் நன்றாகத் தெரிந்தார், அவர் தோளுக்குப் பக்கத்தில் மாலையும் தெரிந்தது.

போட்டுவிட்டு போனைப் பையில் வைத்தேன். வீட்டில் சார்ஜ் போட மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனை உயிர்ப்பித்தபோது, அது நடுங்கி நடுங்கி நிற்கவே இல்லை. எடுக்காத அழைப்புகள் எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. பதிவுக்குக் கீழே கும்பிடும் கைகள், கண்ணீர் முகங்கள், "ஆழ்ந்த இரங்கல்". ஒருவர், "போன வாரம்கூட பாலக்கோடு சந்தையில் பார்த்தேனே" என்று எழுதியிருந்தார். இன்னொருவர், "ஐந்து கிலோ என்ன?" என்று கேட்டிருந்தார். அவருக்கு வேறொருவர், "அரிசியாக இருக்கும்" என்று பதில் சொல்லியிருந்தார்.

தலைவருக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் சனிக்கிழமையே திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. மெஷின் ஓட்டும் மில் பெண்ணைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பதிவை வாசித்துக் காட்டச் சொன்னாள். பிறகு, "அக்கா, நான் பேர் வெச்சது தப்புதான்" என்றாள். இல்லை, பேர் வைத்தது தப்பில்லை, வைத்த கதையைச் சொல்லாமல் பேரை மட்டும் அனுப்பியதுதான் தப்பு என்று எனக்கு அப்போதே உறைத்தது. ஆனால் ஒப்புக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

இருவரும் அவளுடைய வண்டியில் தலைவர் வீட்டுக்குப் போனோம். வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். தலைவரின் மனைவி உள்ளே இருந்து வெளியே வருவதும், "அவரு கல்யாணத்துக்குப் போயிருக்காருங்க" என்று ஒவ்வொருவருக்கும் சொல்வதுமாக இருந்தார். யாரும் நம்பவில்லை. பாவம், அதிர்ச்சியில் இப்படிப் பேசுகிறார் என்று இரண்டு பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்த அம்மாளின் தம்பி, தலைவருக்கு மைத்துனர், மொரப்பூரில் இருந்து ஐந்து கிலோ அரிசிப் பையோடு வந்து இறங்கினார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது. பதிவில் கேட்டிருந்தார்களே என்று கொண்டுவந்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் தலைவர் டவுன் பஸ்ஸில் இருந்து இறங்கி, கல்யாணத் தாம்பூலப் பையை ஆட்டிக்கொண்டு நடந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "வூட்ல யாருக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தார். ஒரு வயதான அம்மா அவரைத் தொட்டுப் பார்த்தார்.

நடந்ததை நான் சொன்னேன். பதிவை அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதலில் இருந்து கடைசி வரை மெதுவாகப் படித்தார். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மைத்துனர் கையில் இருந்த பையைப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா எழுதியிருக்க. எனக்கே ஒரு நிமிஷம் துக்கமாயிடுச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய மனைவி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. காலையில் இருந்து அந்த அம்மாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிறகு காபி கொடுத்தார். சர்க்கரை இல்லாமல். அது மறதியா என்று நான் கேட்கவில்லை.

திருத்தும் வேலை உடனே தொடங்கியது. அழித்துவிடலாம் என்றார் தலைவர். மில் பெண், அழித்தால் பார்த்தவர்களுக்கு உண்மை எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்டாள். அவள் கேட்டது சரிதான். பதிவைப் பலர் பகிர்ந்திருந்தார்கள். அழித்தால் அவர்கள் பக்கத்தில் ஒன்றும் இருக்காது, செய்தி மட்டும் மனதில் இருக்கும். திருத்தினால் பகிர்ந்த இடங்களிலும் திருத்தம் தெரியும். அதனால் அதே பதிவின் உச்சியில், "படத்தில் இருக்கும் எங்கள் தலைவர் நலமாக இருக்கிறார். ஓய்வு பெறுவது எங்கள் பழைய மெஷின். தவறாக எழுதியதற்கு மன்னிக்கவும்" என்று போட்டு, கீழே இருந்த என் அழகான பத்தியை முழுதாக எடுத்தேன். ஆனால் அதை நகலெடுத்து வாட்சப்பில் அனுப்பியவர்களின் செய்தியை யாராலும் திருத்த முடியாது. அதற்கு ஒரே வழி, அதே வேகத்தில் போகக்கூடிய ஒரு சரியான பதிவைப் புதிதாக எழுதுவது. செவ்வாய்க்கிழமைக்கு ஆட்களும் வந்தாக வேண்டும்.

தலைவர் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து எழுதினேன். மில் பெண் எதிரில் உட்கார்ந்தாள். அவள் என் கடிதத்தை ஒருநாளும் படித்ததில்லை. மின்னஞ்சல் முகவரியே கிடையாது. அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது அப்படி ஒரு ஆள்தான். மெஷின் விஷயம் அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதால், எதுவுமே தெரியாத ஆள் மாதிரி கேள் என்றேன். அவள் அதை மிகவும் நேர்மையாக எடுத்துக்கொண்டாள்.

முதலில் 'பெரியவர்' என்பதை எடுத்துவிட்டு, 'நம் பழைய மெஷினை வழியனுப்புகிறோம்' என்று எழுதிக் காட்டினேன். எந்த மெஷின் என்று கேட்டாள். சாமைக்கு உமி எடுக்கும் மெஷின் என்று சேர்த்தேன். 'நம்' என்றால் யார் என்று கேட்டாள். பக்கத்தின் மேலேயே நிறுவனத்தின் பெயர் இருக்கிறதே என்றேன்.

"யாராச்சும் இத காப்பி பண்ணி அனுப்புனா மேல இருக்கற பேரு வராதுக்கா."

வராதுதான். காலையில்தான் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தோம். நிறுவனத்தின் பெயரைப் பதிவுக்குள்ளேயே எழுதினேன். 'வரும் செவ்வாய்' என்றால் இதைப் போன வாரம் எழுதியதா, அடுத்த வாரம் படிக்கிறோமா என்று தெரியாது என்றாள். கிழமையோடு தேதியும் போட்டேன். எங்கே வரவேண்டும் என்றாள். கடிதத்தின் அடியில் முகவரி எப்போதும் இருக்கும். அதனால் பத்திக்குள் நான் இடம் எழுதியதே இல்லை. பேருந்து நிறுத்தத்தில் இருந்து எப்படி வரவேண்டும் என்பதையும் எழுதினேன். ஐந்து கிலோ என்ன என்று அவள் கேட்பதற்குள் நானே, "சாமை, சாமை" என்று எழுதிவிட்டேன். மைத்துனர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் விடவில்லை. எப்படிப்பட்ட சாமை என்று கேட்டாள். ஈரமாகக் கொண்டுவந்தால் மெஷினில் அப்பிக்கொள்ளும், கல் இருந்தால் புது மெஷின் முதல் நாளே கெட்டுவிடும். அதெல்லாம் கடிதத்தின் ஐந்தாவது பத்தியில் இருந்தது. அதையும் எடுத்து வைத்தேன். எதற்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டாள். அது இரண்டாவது பத்தியில் இருந்தது. அதையும் எடுத்து வைத்தேன். இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால், கடிதம் முழுக்க மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. போனில் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு நான் செத்தே போயிருக்கலாம் போல என்றார்.

பிறகு வெட்ட ஆரம்பித்தேன். எழுதுவதை விட அது கஷ்டமாக இருந்தது. மெஷினுக்குப் பெயர் வந்த கதை போனது. ஒருநாளும் ஓய்வெடுக்காதது போனது. மூச்சு வாங்கிக்கொண்டே ஓடியது போனது. அந்த வரியை மட்டும் ஏதாவது ஒரு மூலையில் வைக்கலாமா என்று மில் பெண்ணிடம் கேட்டேன். அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்யவேண்டும் என்று அவள் கேட்டாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. எடுத்துவிட்டேன். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கடைக்காரர் பார்த்தால் வருத்தப்படுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

முகநூலில் முதல் இரண்டு மூன்று வரிதான் வெளியே தெரியும், மீதி 'மேலும் பார்க்க' என்பதற்குள் போய்விடும் என்பதால், முக்கியமானதை உச்சிக்குக் கொண்டுவந்தேன். கடைசியில் இப்படித் தொடங்கியது: "பாப்பிரெட்டிப்பட்டியில் உங்கள் சாமைக்குக் கட்டணம் இல்லாமல் உமி எடுத்துத் தருகிறோம். செவ்வாய்க்கிழமை ஒருநாள் மட்டும். நன்றாகக் காய்ந்த, கல் நீக்கிய சாமை ஐந்து கிலோ கொண்டு வாருங்கள்." அதற்குக் கீழே தேதி, நேரம், நிறுவனத்தின் பெயர், இடம், புது மெஷின் வருகிறது என்று ஒரு வரி, அலுவலக போன் எண். 'மேலே', 'கீழே', 'அவர்', 'அன்று', 'அங்கே' என்று ஒரு சொல் இல்லை. சுட்டும் சொற்களை எல்லாம் பிடுங்கிய பிறகு, படிக்க ரயில்வே அறிவிப்பு மாதிரி இருந்தது.

படத்தில் ஒரு தகராறு. தன் படத்தைப் போட்டால் தான் உயிரோடு இருப்பது தெரியும் என்று தலைவர் வாதாடினார். பதிவு சாமையைப் பற்றியது, அவர் உயிரோடு இருப்பதைச் சொல்லப் பழைய பதிவிலேயே திருத்தம் போட்டிருக்கிறது என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. மெஷின் கம்பெனிக்காரர்கள் அனுப்பியிருந்த புது மெஷினின் படத்தைத்தான் போட்டோம், மாலை எதுவும் இல்லாமல்.

போடுவதற்கு முன், சங்கதி எதுவுமே தெரியாத ஒருவரிடம் காட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அந்த வீட்டில் அப்படி இருந்தவர் மைத்துனர்தான். ஆனால் அவரும் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டார். கடைசியில் தலைவரின் மனைவி போனை வாங்கினார். காலையில் இருந்து அவர் நாங்கள் எழுதும் பக்கமே வரவில்லை. நின்றபடியே படித்தார்.

"இதுல யாரும் சாவலையே?" என்றார்.

இல்லை என்றேன். அப்படியானால் போடு என்றார். எங்கள் நிறுவனத்தில் அதற்கு முன்பும் பின்பும் எந்தப் பதிவுக்கும் அவ்வளவு தெளிவான ஒப்புதல் கிடைத்ததில்லை.

இரங்கல் பதிவுக்கு வந்த விருப்பக் குறிகளில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வரவில்லை. தலைவர் அதை இரண்டு நாளும் எடுத்து எடுத்துப் பார்த்தார். தான் இறந்ததற்கு ஊரில் இவ்வளவு வரவேற்பு இருக்கும் என்று தெரியாமல் போய்விட்டதே என்றார். ஓசூரில் இருந்து உறுப்பினர் ஒருவரின் மகள், கடிதத்தில் இருந்த அழகு முகநூல் பதிவில் இல்லையே, வேறு யாராவது எழுதினார்களா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினாள். நானேதான் என்று பதில் எழுத எனக்கு ஒருநாள் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முன்பே வாசலில் வண்டிகள் நின்றன. பாதிப் பேர் தலைவரைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார்கள் என்று எனக்குச் சந்தேகம். அவரும் எல்லாருக்கும் கை கொடுத்து, இரண்டாவது பிறவி எடுத்தவர் மாதிரி நடமாடிக்கொண்டிருந்தார். மில் பெண் பழைய மெஷினைக் கடைசியாக ஒருமுறை ஓட்டினாள். அது வழக்கம்போல இருமியது. அவள் தட்டினாள். பிறகு அதை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, புது மெஷினுக்குப் போனாள். அதற்கு என்ன பெயர் என்று ஒருவர் கேட்டார். "பேரெல்லாம் இல்லைங்க, நம்பரு இருக்குது" என்றாள்.

பதினொரு மணி வாக்கில் சித்தேரிப் பக்கத்தில் இருந்து கணவனும் மனைவியும் வந்தார்கள். எங்கள் உறுப்பினர்கள் இல்லை. எங்களை முன்பின் தெரியாது. யாரோ வாட்சப்பில் அனுப்பியதைப் பார்த்து வந்திருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் இருந்து யாரிடமும் வழி கேட்கவில்லையாம். அந்த அம்மாள் பையை அவிழ்த்துக் காட்டினார். சாமை சலசலவென்று காய்ந்து கிடந்தது, ஒரு கல் இல்லை, எடைபோட்டால் சரியாக ஐந்து கிலோ. என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வரிசை எங்கே என்று பார்த்து, நேராகப் போய் நின்றுகொண்டார்கள்.

நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூச்சு வாங்கும் வரி இல்லாமலேயே கண் கொஞ்சம் கலங்கியது. மெஷினில் இருந்து பறந்த உமித் தூசி என்று தலைவரிடம் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை, துண்டை எடுத்து நீட்டினார்.